ஸ்பெஷல் பம்ப்பில் லாபமா, நஷ்டமா?

கோவையில் பம்ப் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. எதையும் பெயர் சொல்லிச் சுட்டாமல், கணக்குக்காக ஒன்றை நாமே கட்டிக்கொள்வோம். நம் தொழிற்சாலை இரண்டே வகை பம்ப் செய்கிறது. ஒன்று, கடைகளுக்குப் போகும் சாதாரண மோனோபிளாக். வருஷத்துக்கு 9,000. இன்னொன்று, ரசாயன ஆலைகளும் சாயப்பட்டறைகளும் அளவு சொல்லி ஆர்டர் கொடுக்கும் ஸ்பெஷல். அது வருஷத்துக்கு 1,000.

சாதாரண பம்ப்புக்கு மூலப்பொருளும் கூலியும் சேர்ந்து 2,400 ரூபாய், ஸ்பெஷலுக்கு 2,800 ரூபாய். இதில் சண்டை இல்லை. வார்ப்பு, காப்பர் கம்பி, பேரிங் என்று எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. சிக்கல் மீதியில்தான். மின்சாரம், இயந்திரத் தேய்மானம், செட்டிங் ஆட்கள், ஸ்டோர்ஸ், கொள்முதல் பிரிவு, தரப் பரிசோதனை என்று வருஷத்துக்கு 60 லட்சம் ரூபாய் போகிறது. இந்த மேற்செலவு எந்த பம்ப்புக்காக ஆனது என்று எந்த பில்லிலும் எழுதியிருக்காது. ஆனாலும் விலை வைக்க வேண்டுமானால் அதைப் பங்கு போட்டே ஆக வேண்டும்.

பழைய முறை சுலபமானது. எந்த பம்ப்பும் இயந்திரத்தில் 2 மணி நேரம் ஓடுகிறது. 10,000 பம்ப்புக்கு 20,000 மணி. 60 லட்சத்தை 20,000ஆல் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய், பம்ப்புக்கு 600. சாதாரண பம்ப்பின் அடக்க விலை 3,000, விற்பது 3,500, லாபம் 500. ஸ்பெஷலின் அடக்க விலை 3,400, விற்பது 4,000, லாபம் 600. விற்பனை மேலாளர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஷாப் ஃப்ளோரில் நின்று பார்த்தால் கதை வேறு. ஸ்பெஷல் ஆர்டர் வந்ததும் லேத்தில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்துகிறார்கள். பிக்ஸரைக் கழற்றி வேறொன்று மாட்டி, டூல் மாற்றி, முதல் பீஸை வெட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் மைக்ரோமீட்டரில் அளந்து ‘ஓகே’ சொல்லும் வரை இயந்திரம் சும்மா நிற்கிறது. ஏழு பம்ப் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். சாதாரண பம்ப்புக்கு ஒருமுறை செட்டிங் செய்தால் 150 பம்ப் ஓடிவிடும். வருஷக் கணக்கில் சாதாரண பம்ப்புக்கு 60 செட்டிங், ஸ்பெஷலுக்கு 140. எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் சரக்கு, செட்டிங்கில் பத்துக்கு ஏழு பங்கை விழுங்குகிறது. இயந்திர மணிக்கணக்கு இதைக் காட்டவே காட்டாது.

செயல்பாட்டு அடிப்படைச் செலவுக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 60 லட்சத்தை ஒரே மூட்டையாக வைக்காமல், எந்த வேலைக்காக ஆனது என்று முதலில் பிரிக்கிறார்கள். பிறகு, அந்த வேலையைக் கூட்டிக் குறைப்பது எது என்று தேடுகிறார்கள். அதற்குப் பெயர் செலவு இயக்கி, ஆங்கிலப் புத்தகங்களில் ‘காஸ்ட் டிரைவர்’. நம் தொழிற்சாலையில் இயந்திர ஓட்டத்துக்கு 30 லட்சம் ஆகிறது. அதற்கு இயந்திர மணியே சரியான இயக்கி, மணிக்கு 150 ரூபாய். செட்டிங்குக்கு 12 லட்சம். மொத்தம் 200 செட்டிங் என்பதால் ஒன்றுக்கு 6,000. கொள்முதலுக்கும் ஸ்டோர்ஸுக்கும் 8 லட்சம், 400 ஆர்டர், ஆர்டருக்கு 2,000. பரிசோதனைக்கு 10 லட்சம், 2,000 மணி, மணிக்கு 500.

இனி ஸ்பெஷலின் கணக்கைப் போடலாம். இயந்திர ஓட்டம் 3 லட்சம். 140 செட்டிங்குக்கு 8.4 லட்சம். அரிய உலோகம், தனி சீல் என்று சில்லறை சில்லறையாக வாங்கியதில் 240 கொள்முதல் ஆர்டர், 4.8 லட்சம். ஒவ்வொன்றையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தியதில் 1,200 மணி, 6 லட்சம். கூட்டினால் 22.2 லட்சம், பம்ப்புக்கு 2,220 ரூபாய். பழைய கணக்கு சொன்னது 600! அடக்க விலை 5,020க்கு ஏறிவிட்டது. 4,000க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 1,020 ரூபாய் நஷ்டம். மீதி 37.8 லட்சம் சாதாரண பம்ப்புக்கு. ஒன்றுக்கு 420தான் என்பதால் அதன் லாபம் 500இலிருந்து 680 ஆகிறது.

தொழிற்சாலையின் மொத்த லாபம் மட்டும் மாறவில்லை. இரண்டு கணக்கிலும் 51 லட்சம்தான். அதனால்தான் வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்டில் இந்தக் கோளாறு தெரிவதில்லை. ஆடிட்டர் பார்த்தாலும் கண்ணில் படாது. வேறு இடங்களில் படும். எல்லோரும் செய்யும் சாதாரண சரக்கில் போட்டியாளர் நம்மைவிடக் குறைந்த விலை சொல்கிறார், அவருக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று புரியவில்லை. ஸ்பெஷல் சரக்குக்கு விலை ஏற்றினால் வாடிக்கையாளர் முணுமுணுப்பதுகூட இல்லை. செய்வதற்குப் படாதபாடு படுத்தும் சரக்கே ஏட்டில் அதிக லாபம் காட்டுகிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அடக்க விலையைச் சந்தேகிக்கலாம்.

அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு 1980களில் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. விவசாய இயந்திரச் சந்தை படுத்திருந்த நேரம். தங்கள் நிறுவனத்தின் மற்ற பிரிவுகளுக்கே வெளியாட்களோடு போட்டி போட்டு டெண்டர் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் இயந்திரங்களுக்கு ஏற்ற, பெரிய எண்ணிக்கை பாகங்களின் ஆர்டர்கள் கைநழுவின. கொஞ்சமாகச் செய்யும் தொல்லை பிடித்த பாகங்களே வந்து சேர்ந்தன. ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் கப்லான் இதைப் பாடமாக வகுப்பறைக்குக் கொண்டுபோனார். இந்த முறை உலகம் முழுக்கப் பரவியதில் அவருக்கும் ராபின் கூப்பருக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் நம் உரிமையாளர் ஸ்பெஷலை மூடிவிட வேண்டியதுதானா? அவசரப்படக் கூடாது. ஸ்பெஷலை நிறுத்திய மறுநாளே 22.2 லட்சமும் மிச்சமாகிவிடாது. செட்டிங் ஆட்களும் இன்ஸ்பெக்டரும் சம்பளப் பட்டியலில் அப்படியே இருப்பார்கள். அவர்கள் நேரத்தை வேறு வேலைக்குத் திருப்பினால்தான் செலவு நிஜமாகக் குறையும். அதைவிட, ஆர்டர் அளவைத் தொடுவது புத்திசாலித்தனம். செட்டிங் செலவு பம்ப்பை ஒட்டியதல்ல, பேட்ச்சை ஒட்டியது. ஐந்து பம்ப் ஆர்டரில் ஒன்றுக்கு 1,200 ரூபாய் செட்டிங் செலவு, ஐம்பது பம்ப் ஆர்டரில் 120தான். ஆகவே விலைப்பட்டியலில் செட்டிங் கட்டணத்தைத் தனியாகப் போட்டால், ஐந்து ஐந்தாகக் கேட்கும் வாடிக்கையாளர் தானாகவே சேர்த்துக் கேட்பார், அல்லது அதற்குரிய பணத்தைக் கொடுப்பார்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. வாட்ச்மேன் சம்பளம், கட்டட வரி போன்றவற்றுக்கு நியாயமான இயக்கி கிடைக்காது. எதையாவது ஒட்டவைத்தால் பழைய குளறுபடியே புதுச் சட்டை போட்டு வரும். இன்னொன்று, ஆட்களிடம் போய் ‘உங்கள் நேரம் எந்தெந்த வேலைக்குப் போகிறது?’ என்று கேட்டால், எல்லோருடைய பதிலும் நூறு சதவீதத்துக்குக் கூட்டிவிடும். சும்மா இருந்த நேரத்தை யார் சொல்வார்கள்?

அதனால் கப்லான், ஸ்டீவன் ஆண்டர்சனோடு சேர்ந்து, 2004இல் நேரத்தை அடிப்படையாக வைத்த எளிய வடிவத்தை முன்வைத்தார். நம் செட்டிங் ஆட்களால் வருஷத்துக்கு 240 செட்டிங் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்தை நடந்த 200ஆல் வகுக்காமல், முடியக்கூடிய 240ஆல் வகுத்தால் செட்டிங்குக்கு 5,000தான். நடந்த 200 செட்டிங்குக்கு 10 லட்சம் போக மீதி 2 லட்சம், எந்த பம்ப்பின் தலையிலும் ஏறாமல், பயன்படாத திறன் என்ற தனி வரியில் உட்கார்ந்திருக்கும்.