கடை காலி செய்பவருக்கு ஒரு கடிதம்

விழுப்புரத்தில் என் கட்டடத்தின் முன்பக்கக் கடையில் 9 ஆண்டுகள் மளிகை வியாபாரம் செய்த தம்பி ஒருவர், சென்ற ஆண்டு குடும்பத்தோடு திண்டிவனத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கடை பேசிய இடத்தில், "பழைய உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்களாம். "நல்லவர், நாணயமானவர், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்" என்று லெட்டர்பேடில் மூன்று வரி எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் தொலைபேசி வந்தது. "இதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாமே, ஐயா!" என்றார் அந்தக் கட்டடக்காரப் பெரியவர். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். தொல்லை விட்டால் போதும் என்று, வாடகை தராதவரையும் வானளாவப் புகழ்ந்து அனுப்பி வைப்பவர்கள் நம்மிடையே இல்லையா?

அதற்குள் கடைச் சாவியும் என் கைக்கு வந்துவிட்டது. வாடகைப் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினேன். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தார், பதிவு செய்த ஒப்பந்தத்தின் எண், மாதம் எந்தத் தேதிக்குள் வாடகை தருவார், மின்கட்டணம் எதுவரை கட்டியிருக்கிறது, சாவி கொடுத்த நாள், முன்பணம் முழுவதும் திருப்பித் தந்த விவரம், என் தொலைபேசி எண். இவ்வளவுதான் கடிதம். புகழ்ச்சி ஒரு சொல் இல்லை.

ஒரு வரியில் மட்டும் பேனா நின்றது. 2021இல் 2 மாத வாடகை தங்கிவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே வந்து சொல்லி, அடுத்த 4 மாதங்களில் தீர்த்துவிட்டார். எழுதலாமா என்று தம்பியையே கேட்டேன். "நடந்ததுதானே, எழுதுங்கள் அண்ணாச்சி" என்றார். காரணத்தை எழுதவில்லை, அது அவர் வீட்டு விஷயம்.

அவர் என்னிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவரும்கூட. அந்தக் கணக்கை இதில் கலக்கவில்லை. கலந்தால் நாளைக்குச் சரக்குக் கடனுக்கும் நான் ஜாமீன் நின்றதுபோல் பேச்சு வரும். "இது நான் கண்ட விவரமே, இனி வரும் வாடகைக்கு நான் பொறுப்பல்ல" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். சாவி வாங்குமுன் எழுத நேர்ந்தால், "இன்றுவரை" என்று தேதியிட்டு எழுதிக் கட்டடத்தின் நிலையைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. சுவரும் ஷட்டரும் எப்படி இருக்கின்றன என்பது காலி செய்த பிறகுதான் தெரியும்.

இப்படி ஒரு கடிதம் தரவேண்டும் என்று 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம் கேட்பதில்லை. அந்தச் சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இருந்ததால்தான் என்னால் தேதியோடு எழுத முடிந்தது. நம்மில் பலர் இன்னமும் வாய்ப்பேச்சில் கடை விடுகிறோம். அவர்கள் எதைப் பார்த்து எழுதுவார்கள்?

திண்டிவனத்துப் பெரியவர் மீண்டும் அழைத்தார். அந்த 2 மாதப் பாக்கி வரியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளையும் நம்பினாராம். ஒன்றே ஒன்று கேட்டார்: "போகும்போது கடையைக் கூட்டிக் கொடுத்தாரா?"

"கழுவியே கொடுத்தார்" என்றேன்.