எல்லாம் இருக்கும் வீட்டுக்கு என்ன பரிசு?

இன்று கல்யாணம் செய்துகொள்ளும் பலர் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ தனித்தனியாக வீடு எடுத்துத் தங்கியவர்கள். மிக்ஸி, குக்கர், ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி என்று தேவையானதை அவரவர் சம்பளத்தில் அவரவர் வாங்கியாயிற்று. திருமணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுச் சாமான்களும் ஒரே வீட்டுக்கு வரும்போது எல்லாமே இரண்டிரண்டாக நிற்கும். அந்த வீட்டுக்கு நாம் கொண்டுபோகும் டின்னர் செட் மூன்றாவதாகப் போய்ச் சேரும். பிரிக்காத பெட்டியாகவே பரணில் ஏறி, அடுத்த வருடம் வேறொரு கல்யாணத்தில் வேறொரு பெயரோடு இறங்கும்.

முந்தைய தலைமுறையில் பாத்திரம் கொடுத்தது சரியாகத்தான் இருந்தது. தனிக்குடித்தனம் என்பது வெறும் சுவரோடு தொடங்கும். யாரோ கொடுத்த சொம்பும் தட்டும் டம்ளரும் சேர்ந்துதான் சமையலறை உருவாகும். அந்தத் தேவை இன்று இல்லை. அதனால் பரிசு வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘இவர்களிடம் என்ன இல்லை?’ என்பதல்ல. ‘இவர்களால் கடையில் வாங்க முடியாதது எது, அது என்னால் முடியுமா?’ என்பதுதான்.

அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், தூரத்து உறவு என்றால் பதில் எளிது: மொய். வீட்டில் எல்லாம் இருப்பவர்களுக்கும் பணம் பயன்படும். பணமாகக் கொடுக்க மனமில்லை என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தங்கக் காசு வாங்கலாம். ரத்த உறவுக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குடும்பத்திலேயே கிடக்கும் ஒரு பழைய பாத்திரத்தை எடுத்து, சமைக்கிற நிலைக்குக் கொண்டுவந்து கொடுப்பது. அது சமைக்கத் தகுந்ததாக இருந்தால் அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் மகள் கல்யாணத்தை எடுத்துக்கொள்கிறேன். “அத்தை, எங்ககிட்ட எல்லாமே இருக்கு. தயவுசெஞ்சு எதுவும் வாங்கிடாதீங்க” என்று முன்னாடியே சொல்லிவிட்டாள். வாங்கத்தானே கூடாது என்றாள்! கும்பகோணத்து வீட்டுப் பரணில் என் அம்மாவின் பாத்திரங்கள் சாக்கில் கட்டிக் கிடந்தன. அண்டா, தவலை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பித்தளை அடுக்குகள், ஒரு வெண்கலப் பானை. எல்லாம் அழகுதான். ஆனால் இருவர் சமைக்கும் வீட்டுக்கு அண்டா எதற்கு? பரணிலிருந்து பரணுக்கு மாற்றுவது பரிசாகாது. தேர்வு அடுக்குக்கும் வெண்கலப் பானைக்கும் இடையில் வந்து நின்றது.

முதலில் அண்ணியிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். “அவங்க வீட்ல கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா?” இதைக் கேட்காமல் இறங்கினால் மொத்த வேலையும் வீண். இண்டக்‌ஷன் அடுப்பு, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரத்தைத்தான் சூடாக்கும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. இண்டக்‌ஷன் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு இந்தப் பரிசு அலங்காரப் பொருளாகத்தான் போகும். அங்கே கேஸ் அடுப்பு இருந்தது.

அடுத்தது பாத்திரத்தின் உடல்நிலை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம். கெட்டியானது, ஆனால் கீழே விழுந்தால் நசுங்காது, விரிசல் விடும். பானையைத் தரையில் படாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்து, விரல் மடக்கித் தட்ட வேண்டும். ‘கணீர்’ என்று நீண்டு ஒலித்தால் நல்லது. ‘டப்’ என்று அடங்கிவிட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. எங்கள் பானை அடங்கிய சத்தம்தான் கொடுத்தது. தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாளின் மேல் இரவு முழுக்க வைத்தேன். காலையில் தாளில் ஈர வட்டம். விரிசல் விட்ட வெண்கலத்தைப் பற்றவைத்தாலும் அடுப்புச் சூட்டில் மீண்டும் விடும். அதைச் சமையலுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஆக, பித்தளை அடுக்கு. இரண்டு லிட்டர் பிடிக்கும் அளவில் ஒன்று, சாம்பாருக்கும் குழம்புக்கும் அளவானது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. நசுங்கினால் தட்டி நிமிர்த்திவிடலாம். ஆனால் புளியும் தக்காளியும் மோரும் பித்தளையோடு நேரடியாகச் சேரக்கூடாது. உலோகம் உணவில் இறங்கும், களிம்பு ஏறும், சாப்பிட்டால் வாந்தி வரும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். பேச்சில் ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு. பற்றவைக்கிற ஈயக் கம்பியில் காரீயம் கலந்திருப்பதுண்டு, விலையும் குறைவு. அதைப் பூசிவிட்டால் பாட்டி பாத்திரம் என்ற பெயரில் விஷத்தைப் பரிசளித்தது போலாகும். பூசுபவரிடம் சுத்த வெள்ளீயம்தான் வேண்டும் என்று சொல்லி, கூலி கூடுதலானாலும் ஒப்புக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். பூசிய பிறகு உலர்ந்த வெள்ளைத் துணியால் உள்ளே அழுத்தித் தேய்த்தால் கருப்பு தொடர்ந்து இறங்கக் கூடாது. இறங்கினால் சந்தேகப்படலாம். ஆனால் இறங்காவிட்டால் காரீயமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. காரீயம் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் அமிலக் கரைசலாலும் மணலாலும் உட்புறத்தை அப்பழுக்கில்லாமல் தேய்ப்பார். எங்கே எண்ணெய்ப் பிசுக்கோ களிம்போ மிச்சம் இருக்கிறதோ, அங்கே ஈயம் பிடிக்காது. பிறகு துருத்தி ஊதிக் கரித்தணலில் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிச் சூடாக்குவார். சூடு ஏறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் பொடிதான் உலோகத்தின் மேல் கடைசியாகப் படிந்திருக்கும் மாசை எடுக்கிறது. அடுத்த கணம் வெள்ளீயக் கம்பியை உள்ளே வைத்து இழுப்பார். அது உருகி ஓடும்போதே பஞ்சால் சுற்றித் தேய்ப்பார். மஞ்சள் பாத்திரத்தின் உள்வயிறு நம் கண் முன்னே வெள்ளியாக மாறும். உடனே தண்ணீரில் முக்கி எடுப்பார். எல்லாம் சில நிமிட வேலை. ஆனால் கை தேர்ந்தவர் செய்தால்தான் பூச்சு சீராக நிற்கும். வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் புள்ளி தெரிந்தாலும் மூலையில் கருப்புத் திட்டு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தணலில் வைத்ததால் வெளிப்புறம் கருத்துப்போயிருக்கும். அதனால் மெருகு கடைசியில்தான். மெருகுக்குக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். பழைய பாத்திரங்களின் விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருப்பார்கள். எங்கள் அடுக்கில் என் அம்மாவின் தலைப்பெழுத்தும் பெயரும் இருந்தன. மெருகு இயந்திரத்தில் அழுத்திப் பிடித்தால் இரண்டு சுற்றில் அந்த எழுத்து தேய்ந்துவிடும். அந்த இடத்தைத் தொடாமல் கையால் மட்டும் துலக்கச் சொல்லிவிட வேண்டும். பிறகு பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் இயந்திரத்தால் பழைய பெயருக்குக் கீழே மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் வெட்டிக்கொண்டேன். இரண்டு லிட்டர் பாத்திரத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு கல்யாணம் எழுதியிருக்கிறது. இதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

இதில் உறவுச் சிக்கலும் உண்டு. பரணில் கிடக்கும் பாத்திரம் பிறந்தவர்கள் எல்லாருக்கும் பொது. “அம்மாவோட அடுக்க நீ எப்படிக் கொடுக்கலாம்?” என்று பின்னால் ஒரு குரல் வந்தால், பரிசு பெற்றவளுக்குத்தான் சங்கடம். அண்ணனிடமும் தங்கையிடமும் முதலிலேயே கேட்டுவிட்டேன். மணமகன் வீட்டாருக்கும், இது புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுக்க முடியாததால் தரப்படுவதல்ல என்று தெரிய வேண்டும். அதற்காகவே இதோடு ஒரு மொய்க் கவரும் வைத்தேன்.

வரவேற்பு மேடையில் இதைக் கொடுக்காதீர்கள். அங்கே பளபளத் தாள் சுற்றிய பெட்டிகளோடு சேர்ந்து எங்கோ போய்விடும். மறுவீட்டுக்கு வரும்போதோ குடித்தனம் வைக்கும்போதோ கையில் கொடுத்து, எப்படிப் புழங்குவது என்பதைப் பேசிவிட்டு வர வேண்டும். தவறாகப் புழங்கினால் பூச்சு ஒரே நாளில் போய்விடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். எனவே உள்ளே தண்ணீரோ குழம்போ இருந்தால்தான் அடுப்பை ஏற்ற வேண்டும். வறுப்பது, பொரிப்பதெல்லாம் வேறு பாத்திரத்தில். மரக் கரண்டி நல்லது. உட்புறத்தைக் கம்பி நாரால் தேய்க்கக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக் கூடாது. சமைத்த குழம்பை அதிலேயே விட்டு வைக்காமல் மாற்றிவிட வேண்டும். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் மறுபடி ஈயம் பூசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அம்மா வைக்கும் வத்தக்குழம்பின் அளவையும் சேர்த்து உள்ளே வைத்தேன். அடுத்த முறை ஈயம் பூசும் செலவும் அலைச்சலும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பெருநகரத்தில் ஈயம் பூசுபவரைத் தேடுவதே பெரும்பாடு. அந்தப் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் பூச்சு போன அன்றே பாத்திரம் பூந்தொட்டியாகிவிடும்.

செய்ய நினைப்பவர்கள் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே பரணில் ஏறுங்கள். உறவுகளிடம் கேட்க, பாத்திரத்தைச் சோதிக்க, ஈயம் பூசுபவரைக் கண்டுபிடிக்க, பூச்சு சரியில்லை என்றால் மறுபடி கொடுக்க என்று நாள் போவதே தெரியாது. முகூர்த்த மாதங்களில் மெருகுக் கடையிலும் பெயர் வெட்டும் கடையிலும் கூட்டம் இருக்கும். பரணில் இருப்பது கீறல் விட்டதாகவோ காரீயச் சந்தேகம் தீராததாகவோ இருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு மொய் எழுதிவிடுங்கள். அப்படிப்பட்ட பாத்திரத்தைப் பாசத்தின் பெயரால் சமையலறைக்குள் அனுப்பக் கூடாது.