‘மது வாடை’ வேறு, ‘போதை’ வேறு: ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

சாலை விபத்தில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பணி மருத்துவர் எழுதும் முதல் தாள் விபத்துப் பதிவேடு. நம் தெருக்களில் அதற்குப் பெயர் ‘ஏ.ஆர். காப்பி’. பின்னால் வரும் காயச் சான்று, போலீஸ் வழக்கு, இழப்பீடு எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அந்தத் தாளில் மருத்துவர் காதால் கேட்டது, கண்ணால் கண்டது, தம் அறிவால் கருதுவது என மூன்று வகைச் செய்திகள் இருக்கும். இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நட்டம் பெரும்பாலும் கூலித் தொழிலாளிக்கே.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். திருவையாறு பக்கம் நாற்றுக்கட்டு சுமக்கும் 40 வயதுத் தொழிலாளி ஒருவர், வேலை முடித்து இருட்டும் நேரத்தில் சாலையோரமாக நடந்து வருகிறார். பின்னால் வந்த பைக் மோதுகிறது. தலையில் காயம், வலது காலில் அடி, பாதி நினைவு. மோதியவரே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்.

‘எப்படி அடிபட்டது?’ என்ற கேள்விக்கு அவர், ‘குடித்துவிட்டுத் தானே விழுந்தார்’ என்று சொல்லிவிட்டால்? மருத்துவர் அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ‘விழுந்ததாக இன்னார் சொல்கிறார்’ என்று, சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும். ‘விழுந்ததால் ஏற்பட்ட காயம்’ என்று எழுதினால், கேட்ட சொல் மருத்துவரின் முடிவாக மாறிவிடுகிறது. அடிபட்டவருக்கு நினைவு தெளிந்ததும் அவர் சொல்வதைத் தேதி, நேரத்தோடு தனியாகப் பதிவு செய்யச் சொல்லிக் குடும்பத்தார் கேட்கலாம். பழைய வரியை அடித்துத் திருத்தச் சொல்லக் கூடாது. திருத்திய தாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சும்மா விடாது.

அடுத்தது, நம் ஆட்களை அதிகம் கவிழ்க்கும் வரி. வாயில் மது வாடை வீசினால் அது கண்டறிந்த செய்தி, எழுதலாம். ‘போதையில் இருந்தார்’ என்பது கருத்து. அதற்குப் பேச்சு, நடை, கண்மணி, கை கால் ஒத்துழைப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றையும் குறித்திருக்க வேண்டும். எவ்வளவு மது இருந்தது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்தத் தொழிலாளிக்குத் தலையிலும் அடி. நாக்குக் குழறுவதும் நினைவு மங்குவதும் தலைக்காயத்தாலும் வரும். கால் உடைந்தவரின் நடையைச் சோதிக்கவும் முடியாது. ஆகவே வாடையை மட்டும் வைத்துப் போதை என்று எழுதியிருந்தால், அது எதைக் கொண்டு எழுதப்பட்டது என்று வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டே ஆக வேண்டும்.

காலுக்கு வருவோம். ‘வலது முழங்காலுக்கு 10 செ.மீ. கீழே, முன்பக்கம், 5 செ.மீ. நீளக் கிழிசல், ஓரங்கள் நைந்துள்ளன, உள்ளே மண்’ என்பது நல்ல பதிவு. ‘காலில் பலத்த காயம்’ என்பது பதிவே அல்ல. எலும்பு முறிந்ததா என்பதற்கு எக்ஸ்ரே வரும்வரை கருத்தை நிறுத்தி வைப்பதே முறை. பாரதிய நியாய சன்ஹிதா 116ஆம் பிரிவின்படி எலும்பு முறிவு கொடுங்காயம். முறிவு இல்லாவிட்டாலும் 15 நாள் கடும் வலியோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலையோ இருந்தால் அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்த பிறகும் யாரும் கேட்காததால் இறுதிக் கருத்து எழுதப்படாமலே கிடப்பதுண்டு. வீட்டுக்கு அனுப்பும்போதே காயச் சான்றில் அந்த இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எலும்பு கூடிய பிறகு ஊன அளவு பற்றிய கேள்வி வரும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இங்கே தெளிவான கோடு போட்டது. அதில் மருத்துவச் சான்று 45 சதவீதம் என்றது. அது இடது காலுக்கு மட்டுமான அளவு, முழு உடலுக்கு அல்ல என்று கண்ட நீதிமன்றம், வருமான இழப்பை 20 சதவீதமாகக் கணக்கிட்டது. ஊனம் எவ்வளவு என்று சொல்வது மருத்துவர் வேலை. அதனால் பிழைப்பு எவ்வளவு போனது என்று முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை. கையிழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பு முழுதுமே போகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியல்ல என்று அந்தத் தீர்ப்பே விளக்குகிறது.

சதவீதம் இருவழியும் போகும் கத்தி என்பதை நாம் மறக்கக் கூடாது. நம் தொழிலாளியின் முழங்கால் பாதிதான் மடங்குகிறது என்று சான்று சொல்லும். ஈர நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து வழுக்கும் வரப்பில் நடப்பதும், சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதும் அந்த முழங்காலால் முடியுமா என்பதைச் சான்று சொல்லாது. ‘தொழில்: கூலி’ என்று மனுவில் ஒரு சொல்லோடு விட்டுவிட்டால் தீர்ப்பாயத்துக்கும் தெரியாது. அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணி நேரம் நின்றார், எதைச் சுமந்தார் என்பதை அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் சாட்சியாகச் சொல்லிப் பதிவாக வேண்டும்.