சோலார் பேனல்: 25 வருஷத்துல கரண்ட் எவ்வளவு குறையும்? உங்க சேமிப்புல எவ்வளவு போகும்?

மொட்டை மாடியில் சோலார் போட விசாரிக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது: "25 வருஷம் கேரண்டி சொல்றாங்களே, கடைசி வரைக்கும் இதே அளவு கரண்ட் வருமா?" வராது. பேனலின் உற்பத்தி வருஷா வருஷம் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தக் குறைவு பணமாக எவ்வளவு என்று கணக்குப் போட்டால், விடை வேறு மாதிரி இருக்கும்.

ஏன் குறைகிறது?

புது பேனல் முதன்முதலில் வெயிலைப் பார்த்ததும், உள்ளே இருக்கும் சிலிக்கான் செல்லில் சிறு மாற்றம் நடந்து உற்பத்தி சற்று இறங்கும். அதனால்தான் முதல் வருஷத்துக்கு மட்டும் தனியாக 2 சதவீதம் வரை குறையலாம் என்று பல வாரண்டிகளில் போட்டிருக்கும்.

அதன் பிறகு நடப்பது மெதுவான தேய்மானம். பகலில் கொதித்து இரவில் குளிர்வதால் செல்களை இணைக்கும் சால்டரிங் தளர்கிறது. செல்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகிறது. ஈரம் மெல்ல உள்ளே இறங்குகிறது. இதற்கெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் அரை சதவீதம் குறைவது வழக்கம். வெப்பம் அதிகமான ஊர்களில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் 3 கிலோவாட் சோலார் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் என்றால் வருஷத்துக்கு 4,380 யூனிட். தேய்மானமே இல்லை என்றால் 25 வருஷத்தில் 1,09,500 யூனிட் கிடைக்கும்.

இப்போது முதல் வருஷம் 2 சதவீதம், அடுத்து ஒவ்வொரு வருஷமும் 0.6 சதவீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். 25-வது வருஷத்தில் பேனல் 83.6 சதவீதம்தான் கொடுக்கும், அதாவது சுமார் 3,660 யூனிட். ஆனால் 25 வருஷத்தையும் கூட்டினால் கிடைப்பது சுமார் 99,400 யூனிட்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கடைசி வருஷத்தில் குறைவது 16 சதவீதத்துக்கும் மேல். மொத்த ஆயுளில் இழப்பதோ 9 சதவீதம்தான். ஆரம்ப வருஷங்களில் பேனல் கிட்டத்தட்ட முழுசாக உழைத்துவிடுவதுதான் காரணம்.

பணமாக எவ்வளவு?

மிச்சமாகும் ஒரு யூனிட்டின் மதிப்பு 6 ரூபாய் என்று வைத்தால், 25 வருஷ சேமிப்பு 6.57 லட்சத்திலிருந்து சுமார் 5.97 லட்சமாக இறங்கும். இழப்பு 60 ஆயிரம் ரூபாய்.

ஆனால் போட்ட காசு திரும்பி வரும் காலம் பெரிதாக மாறாது. மொத்தச் செலவு 1.80 லட்சம், அதில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் மானியம் 78 ஆயிரம் என்றால், கையிலிருந்து போவது 1.02 லட்சம். தேய்மானத்தைச் சேர்த்தும் இது 4 வருஷத்தில் திரும்பிவிடும். தேய்மானமே இல்லாவிட்டாலும் ஒன்றரை மாசம்தான் முன்னதாக வரும். இடையில் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வந்தால், அந்தச் செலவைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

எங்கே கவனம் வேண்டும்?

வருஷாந்திரக் குறைவு 0.6-க்குப் பதிலாக 1 சதவீதம் என்றால், 25-வது வருஷத்தில் 74 சதவீதம்தான் மிஞ்சும். கூடுதலாக 5,200 யூனிட்டுக்கும் மேல் போகும், அதாவது சுமார் 31 ஆயிரம் ரூபாய். எனவே வாங்கும்போது "25 வருஷ வாரண்டி" என்ற வார்த்தையோடு நிற்காமல், முதல் வருஷக் குறைவு எவ்வளவு, அடுத்தடுத்த வருஷம் எவ்வளவு, கடைசியில் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் கேளுங்க. பேனல் உடைந்தாலோ பழுதானாலோ மாற்றித் தரும் வாரண்டி வேறு. அது பெரும்பாலும் இதைவிடக் குறைந்த காலத்துக்குத்தான் இருக்கும்.

தேய்மானமா, கோளாறா?

நம்ம கணக்கில் தேய்மானம் மாசத்துக்கு 2 யூனிட் அளவுதான். மேகமூட்டமான ஒரே நாளில் இதைவிட அதிகம் போய்விடும். அதனால் மே மாசத்தை நவம்பரோடு ஒப்பிடாமல், போன வருஷ மே மாசத்தோடு இந்த வருஷ மே மாசத்தை இன்வெர்ட்டர் ஆப்பில் ஒப்பிட்டுப் பாருங்க.

ஒரே வருஷத்தில் 10 சதவீதம் இறங்கியிருந்தால் அது வயசு அல்ல. முதலில் பேனலைக் கழுவிப் பாருங்க. உற்பத்தி ஏறினால், அது வெறும் தூசு. ஏறாவிட்டால், புதிதாக வளர்ந்த மரம் அல்லது பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுகிறதா என்று பாருங்க. அதுவும் இல்லையென்றால் வயரிங், இன்வெர்ட்டர் அல்லது ஏதோ ஒரு பேனலில் கோளாறு இருக்கலாம். டெக்னீஷியனை வரவழைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது. நம்ம கணக்கில் 10 சதவீதம் என்பது வருஷத்துக்கு 438 யூனிட், சுமார் 2,600 ரூபாய். அதைக் கவனிக்காமல் விட்டால், 25 வருஷத் தேய்மானத்தில் போகும் பணத்தைவிட அதிகமாகக்கூட இதில் போய்விடும்.