வராத கடவுச்சொல்



வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் கைப்பேசிக்கு வராவிட்டால், அதை எங்கே தேடுவது? கிள்ளானில் ஓர் அம்மையார் மின்கட்டணம் செலுத்த அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினித் திரை கடவுச்சொல்லைக் கேட்கிறது. கைப்பேசியோ மௌனமாக இருக்கிறது. "வாட்ஸ்அப் எல்லாம் வருகிறதே, இது மட்டும் ஏன் வரவில்லை?" என்று மகனிடம் கேட்கிறார்.

வாட்ஸ்அப் வீட்டிலுள்ள வைஃபை வழியாகவும் வரும். குறுஞ்செய்தியோ பெரும்பாலும் தொலைபேசிக் கோபுரத்தின் வழியாகவே வருகிறது. ஆகவே, மகன் தம் கைப்பேசியிலிருந்து அம்மாவுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பிப் பார்க்கிறார். அது வராவிட்டால் கோளாறு தொடர்பில்தான். கைப்பேசியை அணைத்துப் போட வேண்டும். சிம் அட்டையைச் சரிபார்க்க வேண்டும். முன்கட்டண எண்ணாயின், அது காலாவதியாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

மகனின் செய்தி உடனே வந்துவிட்டது. எனவே, அடுத்து நாம் பார்க்க வேண்டியது வடிகட்டியை. நம் நாட்டில் வங்கிச் செய்திகள் ஐந்து இலக்க எண்ணிலிருந்து, பெரும்பாலும் RM0 என்று தொடங்கி வருகின்றன. விளம்பரங்களும் அவ்வாறே வருவதால், விளம்பரமென்று எண்ணி அந்த எண்ணைத் தடுத்துவிடுவோர் உண்டு. செய்திச் செயலியில் Spam & blocked என்ற பகுதியைத் திறந்தால் தடுக்கப்பட்டவை தெரியும். அம்மையாரின் கைப்பேசியில் அங்கும் ஒன்றுமில்லை.

மகன் வங்கியின் திரையை மீண்டும் உற்றுப் பார்க்கிறார். கடவுச்சொல் அனுப்பப்பட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அதில் தெரிகின்றன. அவை அம்மாவின் இப்போதைய எண்ணல்ல! பணம் போடாமல் கைவிட்ட பழைய எண்! கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் பின்னர் வேறொருவருக்கு வழங்கிவிடலாம். அப்படியானால், நம் கடவுச்சொல் யாரோ ஒருவரின் கையில் போய் விழும். அம்மையார் அடையாள அட்டையுடன் வங்கிக் கிளைக்குச் சென்று எண்ணை மாற்றிக்கொள்கிறார், சிக்கல் தீர்கிறது.

இன்னொன்றையும் கவனிப்போம். பேங்க் நெகாரா 2022-இல் குறுஞ்செய்திக் கடவுச்சொல்லைக் கைவிடுமாறு வங்கிகளைப் பணித்தது. ஆகவே, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு வங்கியின் செயலிக்குள்ளேயே காத்திருக்கலாம். திரையில் எழுதியிருப்பதை முதலில் படிப்பது நல்லது. மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்டால், பொதுவாகக் கடைசியாக வந்ததே செல்லும்.

இந்தத் தவிப்பில் "வங்கியிலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவரேனும் அழைத்தால் சொல்லவே கூடாது. காரணமின்றிக் கைப்பேசியின் தொடர்பு முழுவதும் அறுந்து மீளாவிட்டால், நம் எண்ணை வேறொருவர் தம் சிம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே வங்கியை அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும்.