ஒரே சராசரிக் காற்று, வேறு வேறு மின்சாரம்

காற்றாலை வைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் ஆண்டு முழுக்க ஒரே சீராக நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. இரண்டாவது இடம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் சாயலில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் புகுந்து அடிக்கும் நான்கு மாதமும் வேகம் 10 மீட்டர். மீதி எட்டு மாதமும் வெறும் 4 மீட்டர். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவைதான். இரண்டாவது இடத்தின் ஆண்டுச் சராசரியைப் போட்டுப் பார்த்தால் அதுவும் சரியாக 6 மீட்டர்.

சராசரி ஒன்றுதான் என்பதால் இரண்டு இடத்துக் காற்றிலும் ஒரே அளவு ஆற்றல் இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டாவது இடத்தின் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிக ஆற்றல் இருக்கிறது. எட்டு மாதம் மந்தமாக வீசும் இடம், ஆண்டு முழுக்க நிதானமாக வீசும் இடத்தை முந்திவிடுகிறது.

காற்றின் வேகமும் அதன் ஆற்றலும் ஒரே விகிதத்தில் ஏறாததுதான் காரணம். நகரும் ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதோடு, வேகம் கூடினால் ஒரு நொடியில் இறக்கைகளைக் கடந்து போகும் காற்றின் அளவும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் வேகத்தின் முப்படி வந்துவிடும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடக்கும் காற்றின் திறன் 0.6 × v³ வாட்.

முதல் இடத்தில் 6-இன் முப்படி 216. எனவே சதுர மீட்டருக்குச் சுமார் 130 வாட். இரண்டாவது இடத்தில் 10-இன் முப்படி 1000, 4-இன் முப்படி 64. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக் காலம் முதல் எண், மூன்றில் இரண்டு பங்குக் காலம் இரண்டாவது எண், சராசரி 376. சதுர மீட்டருக்குச் சுமார் 226 வாட். சராசரி வேகத்தை எடுத்து முப்படியாக்கினால் 216. ஒவ்வொரு வேகத்தையும் முப்படியாக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் 376. செய்த வேலைகள் இரண்டே. அவற்றின் வரிசையை மாற்றியதால் விடையும் மாறிவிட்டது.

இந்த வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும் என்று சொல்வதுதான் ஜென்சன் சமனின்மை. யோஹன் ஜென்சன் டென்மார்க்காரர். 1859 முதல் 1925 வரை வாழ்ந்தவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கணித ஆய்வு செய்தார். 1906-இல் ‘ஆக்டா மேத்தமேட்டிகா’ இதழில் அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில் இந்த முடிவு வெளிவந்தது. இதன் ஒரு வடிவத்தை ஜெர்மானியக் கணித அறிஞர் ஓட்டோ ஹோல்டர் 1889-இலேயே தந்திருந்தார். ஆனால் வளைவின் வடிவம் ஒன்றை மட்டும் வைத்துப் பொதுவாக நிறுவிக் காட்டியதால் ஜென்சனின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த வடிவம் எது? வரைபடத்தில் கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்திருப்பது. அதன் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணைத்தாலும், இடைப்பட்ட வளைவு அந்தக் கோட்டுக்கு மேலே போகாது. இப்படிப்பட்ட சார்பைக் குவிவுச் சார்பு என்கிறார்கள். வேகத்தின் வர்க்கம், சுழிக்கு மேற்பட்ட எண்களின் முப்படி, அதே எண்களின் தலைகீழி எல்லாம் இந்த வகை. இவற்றில் எதை எடுத்தாலும், சார்பின் மதிப்புகளுடைய சராசரி, சராசரியில் சார்பு பெறும் மதிப்பைவிடக் குறைவாக இருக்காது. குறியீட்டில் எழுதினால்:

E[f(X)] ≥ f(E[X])

இது ஏன் எப்போதும் உண்மை என்பதை நம் காற்றை வைத்தே பார்த்துவிடலாம். முப்படி வளைவில் வேகம் 6 என்ற இடத்தில் ஒரு தொடுகோடு வரையுங்கள். அங்கே வளைவின் உயரம் 216, சாய்வு 108. அதாவது வேகம் ஒரு மீட்டர் கூடினால் தொடுகோடு 108 ஏறும்; ஒரு மீட்டர் குறைந்தால் 108 இறங்கும். வேகம் 10-இல் தொடுகோட்டின் உயரம் 648, வேகம் 4-இல் சுழி. இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கு இரண்டு என்ற அதே கால விகிதத்தில் சராசரி எடுத்தால் மறுபடியும் 216 வருகிறது. நேர்கோட்டின் இயல்பே அதுதான். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எந்த வரிசையில் சராசரி எடுத்தாலும் விடை மாறாது.

ஆனால் உண்மையான வளைவு அந்தத் தொடுகோட்டை 6-இல் மட்டும்தான் தொடுகிறது. 10-இல் கோட்டைவிட 352 மேலே நிற்கிறது; 4-இல் 64 மேலே நிற்கிறது. இரண்டு பக்கமும் மேலேதான், ஒரு பக்கத்திலும் கீழே இல்லை. இந்த உபரிகளின் சராசரி 160. கோட்டின் 216-உடன் இதைக் கூட்டினால் நமக்குக் கிடைத்த 376. கிண்ண வடிவ வளைவு எதற்கும் எந்த இடத்தில் தொடுகோடு போட்டாலும் வளைவு கோட்டுக்குக் கீழே இறங்காது என்பதால், உபரி ஒருபோதும் எதிர்மறையாகாது. சமனின்மையின் நிரூபணம் மொத்தமும் இவ்வளவுதான். உபரியே இல்லாமல் இரு பக்கமும் சமமாவது இரண்டு நிலைகளில்: காற்று மாறவே மாறாமல் இருக்க வேண்டும், அல்லது மதிப்புகள் பரவியிருக்கும் பகுதியில் வளைவு நேர்கோடாகவே இருக்க வேண்டும்.

சமனின்மை திசையைத்தான் சொல்கிறது, தூரத்தைச் சொல்வதில்லை. தூரம் எவ்வளவு என்பது, வளைவு எவ்வளவு வளைந்திருக்கிறது, மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தது. வர்க்கச் சார்பில் இது பளிச்சென்று தெரியும். மின்கம்பி சூடாவதால் வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு கம்பியில் நாள் முழுக்க 10 ஆம்பியர் போகிறது. அதே மாதிரிக் கம்பி இன்னொன்றில் பாதி நாள் 5, பாதி நாள் 15 ஆம்பியர். மின்னழுத்தம் ஒன்றே என்றால் இரண்டும் கொண்டுபோகும் யூனிட் ஒன்றுதான். இழப்பு மட்டும் 100-க்கு 125 என்ற விகிதத்தில் இருக்கும். அந்த 25 எங்கிருந்து வந்தது? சராசரியிலிருந்து 5 ஆம்பியர் மேலேயும் கீழேயும் விலகியதன் வர்க்கம் அது. பள்ளிப் புள்ளியியலில் விலக்க வர்க்கச் சராசரி என்று படிப்பதும் அதுவே. மாலை நேரத்தில் ஒரேயடியாக ஏறும் தேவையை நாள் முழுக்கப் பரப்பினால் கம்பி இழப்பு குறைவது இதனால்தான்.

முப்படிக்கு இவ்வளவு சுத்தமான விடை கிடையாது. ஆனால் பல இடங்களில் காற்றின் வேகங்கள் ராலே பரவல் என்ற ஒழுங்கை ஒட்டிச் சிதறுகின்றன. அந்த ஒழுங்கு அப்படியே பொருந்தினால், முப்படிகளின் சராசரி சராசரியின் முப்படியைப்போல் 6/π மடங்கு, அதாவது சுமார் 1.91 மடங்கு இருக்கும். சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர், காற்றில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய பாதியை விட்டுவிடுகிறார்.

அப்படியானால் காற்று எவ்வளவு தாறுமாறாக அடித்தாலும் லாபம்தானா? காற்றுக்கு ஆம், இயந்திரத்துக்கு இல்லை. காற்றாலையின் ஜெனரேட்டருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 கிலோவாட் ஆலை ஒன்று 12 மீட்டர் வேகத்தில் முழுத் திறனை எட்டுகிறது என்று எளிமையாகக் கொள்வோம். அதுவரை திறன் முப்படியாக ஏறும். அதற்கு மேல் காற்று கூடினாலும் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி 2,000-லேயே நிறுத்திவிடுவார்கள். கிண்ணமாக ஏறி வந்த வளைவு 12-இல் முறிந்து தட்டையாகிறது. அந்த முறிவை ஒட்டி அதன் வடிவம் கவிழ்த்த கிண்ணம். அப்படிப்பட்டதைக் குழிவுச் சார்பு என்பார்கள். அங்கே சமனின்மை அப்படியே தலைகீழாகிறது.

காற்று சீராக 12 மீட்டரில் வீசினால் 2,000 கிலோவாட். பாதி நேரம் 8, பாதி நேரம் 16 என்று வீசினால், 8-இல் கிடைப்பது சுமார் 593, 16-இல் அதே 2,000. சராசரி சுமார் 1,296. முன்பு லாபம் தந்த ஏற்ற இறக்கம் இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறித்துவிட்டது. வேகங்கள் முறிவின் இரு பக்கமும் பரவியிருக்கும்போது எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 4-க்கும் 14-க்கும் இடையே மாறும் காற்று, சீரான 9 மீட்டர் காற்றைவிட அதிகம் தரும்: சுமார் 844-க்குப் பதில் 1,037. ஆனால் 6-க்கும் 14-க்கும் இடையே மாறுவது, சீரான 10 மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவாகத் தரும்: சுமார் 1,157-க்குப் பதில் 1,125. கிண்ணமும் இல்லாமல் கவிழ்த்த கிண்ணமும் இல்லாமல் கலந்து நிற்கும் வளைவுக்கு ஜென்சன் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

அதனால் விவரமான பொறியாளர்கள் ஆண்டுச் சராசரி வேகத்தை வைத்து உற்பத்தியைக் கணிப்பதில்லை. ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் வேகவாரியாகப் பிரித்து, அரை மீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ ஒரு கட்டமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆலையின் திறன் வளைவில் மதிப்பைப் படித்து, அந்த வேகம் நீடிக்கும் மணிகளால் பெருக்கி, கடைசியில் கூட்டுகிறார்கள். சார்பு முதலில், சராசரி பிறகு. வளைவு எப்படி இருந்தாலும் இந்த வரிசை ஏமாற்றாது.

இதிலும் சராசரி ஒன்று ஒளிந்திருக்கிறது. வேகமானிகளின் பதிவும், ஆலைத் திறன் வளைவின் புள்ளிகளும் வழக்கமாகப் பத்து நிமிடச் சராசரிகள். சோதனை நடந்த இடத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் காற்று எவ்வளவு அலைந்ததோ அதன் விளைவு வளைவிலேயே கலந்திருக்கும். ஆலையைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில் காற்று அதைவிட அதிகம் அலைந்தால், நடுத்தர வேகங்களில் ஆலை வளைவு காட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், முழுத் திறனை நெருங்கும் இடத்தில் கொஞ்சம் குறைவாகவும் தரும். உற்பத்திக் கணக்கு பொய்த்த இடங்களில் பிழை இந்த வடிவத்தில் தெரிந்தால், இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் பத்து நிமிடத்துக்குள் காற்று ஆடும் ஆட்டத்தை அளந்து பார்க்க வேண்டும்.