கூடு தனி, விற்பனை பொது

(திண்டுக்கல் மாவட்டத்தின் மானாவாரி ஊர் ஒன்றில், 12 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசலாம் என்றதுமே மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “எங்க வீட்ல கோழி என்னிக்கும் கெடக்கு தம்பி. காசுதான் வந்ததில்ல.” நான் பேச வந்ததே அதைத்தான்.

அவர் வீட்டில் மூன்று பெட்டைகள், ஒரு சேவல். ஒரு பெட்டை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து, மறுபடி முட்டைக்கு வர நான்கு மாதமாவது ஆகும். ஆக வருடத்துக்கு மூன்று ஈடு. ஒரு ஈட்டுக்கு 12 முட்டை வைத்தால் ஒன்பது குஞ்சு பொரிக்கும். அதில் கடைசிவரை தேறியவை எத்தனை என்று கேட்டேன். “மூணு இருந்தா அதிசயம்” என்றார். மீதி ஆறு எங்கே போயின? இரண்டு காக்கைக்கும் பருந்துக்கும், ஒன்று கீரிக்கு, மற்றவை கழிச்சலுக்கு. மூன்றை ஏழாக்கினால் புதிதாக ஒரு கோழிகூட வாங்காமலே வருமானம் இரு மடங்குக்கு மேல் ஆகும். குழுவாகச் சேர்ந்தால் இந்த ஏழைக் காப்பதும் எளிது, விற்பதும் எளிது. எதை அவரவர் வீட்டில் செய்வது, எதைச் சேர்ந்து செய்வது என்பதுதான் கேள்வி. என் கணக்கில் கூடு தனி, தீவனமும் தடுப்பு மருந்தும் பாதி பொது, விற்பனை முழுக்கப் பொது.

முதலில் கூடு

எல்லாக் கோழிகளையும் ஓரிடத்தில் அடைத்துப் பொதுக் கொட்டகை போடலாமா என்று பல குழுக்கள் கேட்பதுண்டு. வேண்டாம். ஒரு கோழிக்கு நோய் வந்தால் அத்தனைக்கும் வரும். அத்துடன், கொல்லையில் மேய்ந்து கிடைக்கும் இலவச இரையும் போய்விடும். 30 உருப்படிக்கு ஆறடிக்கு ஐந்தடிக் கூடு போதும். இரவு அடைவதற்கு ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று கணக்கு. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உச்சி வெயில் உள்ளே இறங்காது. கூரைக்குத் தகரத்தைவிடத் தென்னங்கீற்று நல்லது; கோடையில் கோழி மூச்சிரைக்காது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, சுற்றிலும் கம்பி வலை அடியுங்கள். இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூடக் கீரிக்கு அது வாசல்.

உள்ளே மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து கோழியின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் உமி ஈரமாகிவிட்டது, மாற்ற வேண்டும். அந்தக் காற்றைத்தான் கோழி இரவு முழுக்கச் சுவாசித்திருக்கிறது.

குஞ்சுகளுக்குத் தனிக் கவனம் தேவை. தாய்க்கோழி இருப்பதால் மின்விளக்குச் சூடு வேண்டியதில்லை. ஆனால் பொரித்த நாளிலிருந்து நான்கு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பெரிய பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். காக்கையும் பருந்தும் தூக்குவது இந்த நான்கு வாரத்தில்தான். குஞ்சுத் தீவனத்தையும் தண்ணீரையும் பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்தால் பெரிய கோழிகள் பிடுங்கித் தின்னாது.

ஒரு குப்பி, மூன்று வீடு

நாட்டுக்கோழியை ஊரோடு துடைத்தெடுப்பது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டித் தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. இது தெரிந்தும் பலர் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மருந்து பெரும்பாலும் 100 குஞ்சுக்கான குப்பியாகத்தான் வரும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. வீட்டில் ஒன்பது குஞ்சு வைத்திருப்பவர் யாரும் அதற்காகக் குப்பி உடைக்கமாட்டார்.

அதனால் 12 பேரும் மூன்று மூன்று வீடாக நான்கு அணியாகப் பிரிந்துகொள்ளுங்கள். மாதம் ஓர் அணி அடை வைக்கட்டும். மூன்று வீடு, வீட்டுக்கு மூன்று பெட்டை, பெட்டைக்கு ஒன்பது குஞ்சு: மொத்தம் 81. ஒரு குப்பிக்குச் சரியாக இருக்கும். பெட்டைகள் சொன்ன நாளில் அடைக்கு உட்காராதுதான். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். முட்டை குறைந்தால் மற்ற அணி வீடுகளிலிருந்து வாங்கி வையுங்கள். ஆனால் அடைக்கு வைக்கும் முட்டை கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவர வேண்டும். வெயிலில் கையில் பிடித்தபடி வந்த மருந்து வெறும் தண்ணீர்.

தீவனம்

மேயும் கோழிக்கு முழுத் தீவனம் தேவையில்லை. சுமாராக 35 கிராம் கொடுத்தால் மீதியை அது தேடிக்கொள்ளும். பெரியதும் சிறியதுமாக 30 உருப்படிக்கு நாளைக்கு ஒரு கிலோ. காலையில் பாதியும் மாலையில் கூடு அடையும் நேரத்தில் பாதியுமாகப் போடுங்கள். மாலைத் தீவனம் இருந்தால் கோழி தானாகக் கூடு திரும்பும்.

பத்துக் கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளமும் கம்பும் சேர்ந்து ஐந்து கிலோ, தவிடு இரண்டு கிலோ, கடலைப் புண்ணாக்கு இரண்டு கிலோ, உப்பில்லாத மீன்தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். மீன்தூளுக்குப் பதில் உப்புக் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள். உப்பு மிஞ்சினால் குஞ்சுகள் தண்ணீராகக் கழிந்து செத்துப்போகும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். சிக்கு வாடையோ பச்சைப் பூஞ்சையோ இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சை நஞ்சு உடனே கொல்லாது. கோழியின் ஈரலைக் கெடுத்து எடையைக் குறைக்கும், காரணமே தெரியாது.

மக்காச்சோளத்தை அறுவடை நேரத்தில் நம் ஊர்க் களத்திலேயே மொத்தமாக வாங்கி, நன்றாகக் காயவைத்து, மாதம் ஒருமுறை உடைத்துக் கலந்து பிரித்துக்கொள்ளுங்கள். கலவை கிலோ 33 ரூபாய்க்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். குஞ்சுக்குக் கரையான் நல்ல புரதம். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் தட்டிவிட்டால் அன்றைய இரை.

விற்பனை

ஒரு வீட்டின் ஓர் ஈட்டுக்குக் கணக்குப் போடுவோம். மூன்று பெட்டைக்கு ஏழு வீதம் 21 கோழி. ஐந்து மாதத்தில் ஒன்றேகால் கிலோ வரும். மொத்தம் 26 கிலோ. உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்றால் 9,100 ரூபாய். ஓர் ஈட்டின் நான்கு மாதத்துக்குத் தீவனச் செலவு 4,000, குஞ்சுத் தீவனமும் மருந்தும் 700. கையில் நிற்பது 4,400. மாதத்துக்குச் சுமார் 1,100 ரூபாய். உங்கள் உழைப்புக்கும் கூட்டுச் செலவுக்கும் இதில் கணக்கில்லை. விலை ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது அதே கோழி வாசலுக்கு வரும் வியாபாரியிடம் போனால் என்ன ஆகும்? அவர் தூக்கிப் பார்த்து, “உருப்படி 350” என்பார். எடை போட்டால் அது 437 ரூபாய்க்குப் போக வேண்டிய கோழி. 21 கோழிக்கு 1,800 ரூபாய் அப்போதே போய்விட்டது. லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதுவும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் அவசரத்தில் இரண்டு கோழியைப் பிடித்துக் கொடுத்தால் பேரம் பேசவே வழியில்லை. அப்படி அவசரம் வந்தால் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கிக்கொள்ளுங்கள், கோழியை விற்காதீர்கள்.

நான்கு அணியும் முறைப்படி நடந்தால் குழுவிடம் மாதம் 60 கோழி இருக்கும், 75 கிலோவுக்கு மேல். இந்த அளவுக்கு இரண்டு மூன்று கறிக்கடைகளையும் உணவகங்களையும் கேட்டு விலை பேசலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, தீனி போடுவதற்கு முன் எடை போடுங்கள். இரைப்பை காலியாக இருந்தால் எடையில் கழிவு பேச யாருக்கும் வாய்ப்பில்லை. தராசு குழுவுடையது. நோட்டில் பெயர், எண்ணிக்கை, எடை, தொகை நான்கையும் எல்லோர் முன்னும் எழுதி, நூற்றுக்கு மூன்று ரூபாய் மருந்துக்கும் தராசுக்கும் என்று பிடித்துக்கொள்ளுங்கள். எடை போடும் இடம் யாருடைய கொல்லையாகவும் இருக்கக் கூடாது. வியாபாரியின் கூடைகள் பல ஊர்ச் சந்தைகளைப் பார்த்தவை. கழிச்சல் அதில் ஏறித்தான் வரும். விற்காமல் திரும்பிய கோழியையும் இரண்டு வாரம் தனியே வைத்துத்தான் கூட்டில் சேர்க்க வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் நம் பக்கம் கறி விற்பனை படுத்துவிடும். சித்திரைத் தொடக்கத்தில் அடை வைத்தால் கோழி விற்கும் பருவத்துக்கு வருவது புரட்டாசியில்தான். அக்கினி வெயிலில் பொரிப்பும் குறையும். அதனால் அந்த மாத முறையைத் தள்ளிப்போடுங்கள். வைகாசித் தொடக்கத்தில் வைத்தால் தீபாவளிக்குச் சரியாக வரும்.

முதல் ஈடு முடிந்ததும்

முதல் அணியின் மூன்று வீட்டில் 81 குஞ்சுக்கு 63 தேறுகிறதா என்று பாருங்கள். 45-க்குக் கீழே போனால் அடுத்த அணியைத் தொடங்காமல் நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சாவுக்கும் குஞ்சின் வயதை எழுதியிருந்தால் காரணம் அதிலேயே தெரியும். முதல் வாரத்திலேயே செத்தால் குளிரோ பழைய முட்டையோ. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் காணாமல் போனால் பஞ்சாரம் சரியில்லை. ஒரு மாதக் குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் உமி ஈரம். சிறிது பெரிது பாராமல் இரண்டு மூன்று நாளில் வரிசையாக விழுந்தால் மருந்து வெயில் பட்டிருக்கிறது, அல்லது யாரோ வெளிக்கோழியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். செத்ததை வீசி எறியாமல் மருந்தகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். காரணம் தெரிந்து அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த மூன்று வீட்டில் அடை வைக்க வேண்டும்.